குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்: மல நச்சுச் சோதனை

ஆன்டிபயாடிக் குடலின் இயல்பான நுண்ணுயிர்களை அழித்த பின் பெருகி, பெருங்குடலைப் புண்ணாக்கும் பாக்டீரியா. 1935இல் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் கண்டறியப்பட்டது; ஆன்டிபயாடிக்கால் வரும் குடல் அழற்சிக்கு இதுவே காரணம் என்பது 1978இல்தான் தெளிவானது.

பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் நிமோனியாவுக்காகச் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டுக்கொண்ட முதியவருக்கு, வீடு திரும்பிய அடுத்த வாரம் நாளுக்கு ஐந்தாறு முறை வயிற்றுப்போக்கு என்று கொள்வோம். ஆய்வகம் மலத்தில் இரண்டைத் தேடும்: பாக்டீரியாவின் ஜிடிஹெச் நொதியையும், ஏ, பி என்னும் நச்சுகளையும். நொதி மட்டும் இருந்தால் கிருமி சும்மா தங்கியிருக்கலாம். அப்போது நச்சு மரபணுவைப் பிசிஆரில் பார்ப்பார்கள். நச்சும் இருந்து, 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ மலம் இளகிப் போனால் நோய் உறுதி. கட்டியான மலத்தைச் சோதிப்பது வீண்.

முடிந்தால் முதலில் பழைய ஆன்டிபயாடிக்கை நிறுத்துவார்கள். பிறகு வான்கோமைசின் 125 மி.கி., நாளுக்கு நான்கு வேளை, 10 நாள், வாய்வழியாக. நரம்பில் ஏற்றினால் மருந்து பெருங்குடலின் உட்பகுதியை எட்டாது. எனவே ஊசிக் குப்பி மருந்தையே நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பதுண்டு. லோபரமைடு போன்றவற்றைத் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. வயிறு உப்பி, காய்ச்சலோடு பேதி திடீரென நின்றால் அது குணமல்ல, ஆபத்தாக இருக்கலாம்.

குணமான பின்னும் சோதனை பல வாரம் பாசிட்டிவ் காட்டக்கூடும். மறுபடி சோதிக்கத் தேவையில்லை. இதன் வித்துகளை ஆல்கஹால் சானிடைசர் கொல்லாது. நோயாளியைப் பராமரிப்பவர்கள் சோப்பும் தண்ணீரும் கொண்டே கை கழுவ வேண்டும்.