இன்டொக்சிகாடோ: ஒரு சொல்லும் ஒரு டெலிபோனும்

இறக்கக்கண்டியில ஒரு வீட்டில் வருத்தம் என்றால், சிங்களம் தெரிந்த ஒருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது வழக்கம். டொக்டர் கேட்பதை அவர் சொல்வார், தன் அபிப்பிராயத்தையும் கொஞ்சம் சேர்த்து. நாங்களும் அப்படித் துணைக்குப் போயிருக்கிறோம். அதனால்தான் 1980இல் அமெரிக்காவின் தென் புளோரிடாவில் நடந்த இந்தக் கதை எங்களை உலுக்கிவிட்டது.

கியூபக் குடும்பமொன்றின் 18 வயதுப் பையன். திடீரென்று கடும் தலைவலி, பிறகு நினைவில்லை. வீட்டார் 'இன்டொக்சிகாடோ' என்றார்கள். கியூபாக்காரருக்கு அது, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் வந்த வருத்தம். ஆங்கிலக் காதுக்கு அது போதை. மொழிபெயர்ப்பாளரை ஒருவரும் கேட்கவில்லை. விளங்கிவிட்டது என்றே இரண்டு பக்கமும் நினைத்தது. போதைமருந்து அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று இரண்டு நாளுக்கு மேல் வைத்தியம் நடந்தது. உண்மையில் மூளைக்குள் இரத்தக்கசிவு. அதைக் கண்டுபிடித்தபோது கைகால் நான்கும் செயலிழந்திருந்தன. பிறகு வந்த நட்டஈடு, ஆயுள் முழுவதற்கும் சேர்த்து, ஏறக்குறைய 71 மில்லியன் டொலர்.

டெலிபோனில் மொழிபெயர்ப்பது அப்போதே இருந்த விஷயம்தான். அவுஸ்திரேலிய அரசு 1973இலேயே தொடங்கிவிட்டது. அங்கே இருக்கிற எங்கட சனமும் இன்று அதைத்தான் அழைக்கிறார்கள். அமெரிக்காவில் அது 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் தலையெடுத்தது.

அதே சொல் இன்று அப்படியொரு அழைப்பில் வந்தால் என்ன நடக்கவேண்டும்? தாய் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் 'நான்' என்றே சொல்வார், 'அவ சொல்றா' என்று அல்ல. 'இன்டொக்சிகாடோ' வந்ததும் நிறுத்தி, "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். இந்தச் சொல்லுக்கு இரண்டு கருத்து வரலாம், விளக்கம் கேட்கலாமா?" என்று டொக்டரிடம் கேட்பார். தாயிடமும் அதையே அவர் மொழியில் சொல்வார், என்ன பேசுகிறார்கள் என்று அவர் தவிக்கக்கூடாது. 'இது சாப்பாட்டு வருத்தம்தான்' என்று தானே தீர்மானிப்பது நல்ல மனசாகத் தெரியும். ஆனால் அந்தக் குடும்பத்தின் ஊகமும் பிழையாகத்தானே இருந்தது! கேள்வி கேட்பது டொக்டரின் வேலை, பதில் தாயுடையது.

போனில் முகம் தெரியாது, கை எங்கே வலிக்குது என்று காட்டுவதும் தெரியாது. இரைச்சலில் ஸ்பானிய 'ஸெஸென்டா' அறுபது, 'ஸெடென்டா' எழுபது, இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். மருந்தின் மில்லிகிராம் அதுவென்றால் ஊகிக்க முடியாது. "திரும்பச் சொல்லுங்கள், ஆறு சைபரா, ஏழு சைபரா?" என்று இலக்கம் இலக்கமாகக் கேட்டு உறுதிப்படுத்துவார்கள். வெட்கப்பட்டு விட்டுவிடுகிற இடம் இதுதான்.

எங்கட தமிழிலும் ஒரு 'இன்டொக்சிகாடோ' இருக்கு. "அம்மாவுக்கு மயக்கம்" என்கிறோம். தலைசுற்றா, நினைவு தப்பியதா? துணைக்குப் போன நாங்கள் எத்தனை தரம் அதைத் திருப்பிக் கேட்காமலே சிங்களத்தில் சொல்லியிருப்போம்?