பாலெட் அடுக்குச் சட்டக ஆய்வு

பாலெட் அடுக்குச் சட்டக ஆய்வு என்பது, கிடங்குகளில் பாலெட்டுகளைப் பல தளங்களில் அடுக்கப் பயன்படும் எஃகுச் சட்டகங்களின் சேதங்களையும் சுமை எல்லைகளையும் குறித்த கால இடைவெளியில் சோதிப்பதாகும். ஐரோப்பாவில் இதற்கான நெறிகளை 2008 இல் வெளியான ஈ.என். 15635 என்னும் தரம் வகுத்தது. பிரித்தானியாவில் சேமிப்புக் கருவி உற்பத்தியாளர் சங்கமும் (சீமா) இதற்கு வழிகாட்டுகிறது.

அமைப்பு

முன்னும் பின்னுமாக நிற்கும் இரு தூண்களைக் குறுக்குப் பிணைப்புகளால் இணைத்தால் ஒரு சட்டம் கிடைக்கும். இரு சட்டங்களுக்கு இடையே சோடி சோடியாக உத்திரங்களை மாட்டினால் அது ஒரு பிரிவாகும். உத்திரங்கள் பொதுவாகப் பற்றவைக்கப்படுவதில்லை. அவற்றின் முனைக் கொக்கிகள் தூணின் துளைகளில் மாட்டப்படுகின்றன. போர்க்லிஃப்ட் கீழிருந்து இடித்தால் உத்திரம் கழன்றுவிடாமலிருக்க ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறு பூட்டு ஊசி இருத்தல் வேண்டும். ஆய்வுகளில் அடிக்கடி காணாமற்போயிருப்பது இவ்வூசியே.

சுமை எல்லை

சுமை அறிவிப்புப் பலகையில் இரு எண்கள் தனித்தனியே தரப்படுகின்றன. ஒன்று, ஒரு சோடி உத்திரம் தாங்கும் சுமை. மற்றொன்று, ஒரு பிரிவு முழுவதும் தாங்கும் சுமை. முதலாவதை மட்டும் பார்த்து ஏற்றுவதே மிகைச்சுமைக்கு வழக்கமான காரணம்.

எடுத்துக்காட்டாக, நான்கு உத்திரத் தளங்களும் தளத்துக்கு இரு பாலெட்டுகளும் கொண்ட ஒரு பிரிவில், உத்திரச் சோடியின் எல்லை 2,400 கிலோ, பிரிவின் எல்லை 8,000 கிலோ எனக் கொள்வோம். பாலெட் ஒன்று 1,000 கிலோ எனில் மொத்தம் 8,000 கிலோ, எல்லைக்குள் உள்ளது. 1,200 கிலோ பாலெட்டுகள் வந்தால் எந்த உத்திரமும் தன் எல்லையைத் தாண்டாது. ஆனால் பிரிவின் சுமை 9,600 கிலோவாகிவிடும். மிகுதியைத் தாங்குவன தூண்கள். உத்திரம் தொய்ந்து எச்சரிக்கும். தூணோ நேராக நின்றுகொண்டிருந்து, திடீரென வளைந்து முறியும்.

உத்திரங்களின் உயரத்தை மாற்றினாலும் பலகையிலுள்ள எண் செல்லாது. முதல் உத்திரத்தை 1.5 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு உயர்த்தினால் தூணின் பிடிமானமற்ற நீளம் கூடுகிறது. ஆய்லரின் சூத்திரப்படி வளைவுத் தாங்குதிறன் நீளத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், அது ஏறத்தாழ 56 விழுக்காடாகக் குறையும். இது மெலிந்த தூணுக்கே முழுதும் பொருந்தும். உண்மையான எல்லையை உற்பத்தியாளரின் அட்டவணையிலிருந்தே பெற வேண்டும்.

தூண் சேதத்தை அளத்தல்

போர்க்லிஃப்ட் வண்டி இடித்த தூணின் குழிந்த பக்கத்தில், குழிவு நடுவில் அமையுமாறு 1 மீட்டர் நேர்கோல் ஒன்றை வைத்து, கோலுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள மிகப் பெரிய இடைவெளி அளக்கப்படுகிறது. உத்திரத்தின் திசையில் 5 மில்லிமீட்டரும், சட்டத்தின் ஆழத்திசையில் 3 மில்லிமீட்டரும் எல்லைகளாகும். குறுக்குப் பிணைப்புகளுக்கு 10 மில்லிமீட்டர் வரை இடமுண்டு.

எல்லைக்குள் இருந்தால் பச்சை: கண்காணித்தால் போதும். எல்லையைத் தாண்டி, அதன் இருமடங்குக்கு உட்பட்டிருந்தால் மஞ்சள்: இறக்கிய இடத்தில் மீண்டும் ஏற்றக்கூடாது, நான்கு வாரங்களுக்குள் சீராக்க வேண்டும். இருமடங்கை எட்டினால் சிவப்பு: உடனே சுமையை இறக்க வேண்டும். ஆகவே 4 மில்லிமீட்டர் வளைவு ஒரு திசையில் பச்சை, மற்றத் திசையில் மஞ்சள். மடிப்பு, கிழிசல், பற்றவைப்பு வெடிப்பு ஆகியவற்றுக்கு இவ்வளவுகள் பொருந்தா. அத்தகைய தூண் மாற்றப்பட வேண்டியதே.

ஒரு தூண் இரு பக்கத்துப் பிரிவுகளையும் தாங்குவதால், சேதத்துக்கு மேலுள்ள சுமை இரு பிரிவுகளிலிருந்தும் இறக்கப்பட வேண்டும். ஒரு பிரிவை மட்டும் காலிசெய்துவிட்டு நின்றுவிடுவது பொதுவான தவறு.

சரிவு

நடைபாதையின் நீளத்திசையில் பெரும்பாலான சட்டகங்களுக்குக் குறுக்குப் பிணைப்பு இல்லை. உத்திர முனைக் கொக்கிகளின் விறைப்பும் தூண் அடித்தட்டின் பிடிப்புமே அவற்றை நிறுத்துகின்றன. ஒரு தூண் முறிந்தால் அதனோடு மாட்டிய உத்திரங்கள் அடுத்த சட்டத்தை இழுக்கும். அது விழும்போது அதற்கடுத்ததையும் இழுக்கும். 2016 மே 13 அன்று இங்கிலாந்தின் சுரொப்சயர் மாவட்டத்திலுள்ள இன்சுடொக் என்னும் ஊரில், பாலாடைக்கட்டி அடுக்கிய சட்டகங்கள் இவ்வாறு சரிந்தபோது, போர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர் அவற்றின் அடியில் பல மணி நேரம் சிக்கிக்கிடந்து உயிருடன் மீட்கப்பட்டார்.

ஆய்வு முறை

மோதலைக் கண்ட ஊழியர் உடனே அறிவிப்பது முதற்படி. பொறுப்பாளர் ஒருவர் பொதுவாக வாரமொருமுறை கண்ணால் பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும். பயிற்சி பெற்ற வல்லுநரின் ஆய்வு 12 மாதத்துக்கு ஒருமுறையேனும் நடத்தப்படும். முழுச்சுமையில் உத்திரத்தின் தொய்வும் அப்போது அளக்கப்படும். நீளத்தின் 200 இல் ஒரு பங்குக்குள், அதாவது 2,700 மில்லிமீட்டர் உத்திரத்துக்கு 13.5 மில்லிமீட்டருக்குள், அது இருக்க வேண்டும். சுமையை இறக்கிய பின்னும் தொய்வு மறையவில்லையெனில் உத்திரம் மிகைச்சுமை கண்டிருக்கலாம்.

வளைந்த தூணைச் சுத்தியலால் தட்டியோ சூடாக்கியோ நேராக்கும் வழக்கம் சில கிடங்குகளில் உண்டு. பார்வைக்கு நேராகத் தோன்றினாலும், குளிர்நிலையில் உருவமைத்த மெல்லிய எஃகு தன் பழைய வலிமையை மீண்டும் பெறுவதில்லை.