நிலையான ஐ.பி. முகவரி: சிறு நிறுவனங்களுக்கு எப்போது தேவை?

இணைய இணைப்புக்குச் சேவை நிறுவனம் வழங்கும் ஐ.பி. முகவரி, ரூட்டரை அணைத்து இயக்கும்போது மாறக்கூடும். இது மாறும் முகவரி. கூடுதல் கட்டணத்தில் பெறப்படும் நிலையான முகவரி மாறுவதில்லை.

மின்னஞ்சல், இணைய வங்கிச் சேவை போன்றவற்றில் அலுவலகக் கணினியே தொடர்பைத் தொடங்குவதால் மாறும் முகவரியே போதுமானது. வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் தொடர்புகொள்ள நேரும்போதுதான் சிக்கல் எழுகிறது.

எடுத்துக்காட்டாக, தலைமை அலுவலகக் கணினியிலுள்ள கணக்குகளைக் கிளை ஊழியர்கள் வி.பி.என். வழியாகப் பார்க்கின்றனர் எனக் கொள்வோம். தலைமை அலுவலக முகவரி மாறினால் தொடர்பு அறுபடும். மாறும் முகவரியை ஒரு நிலையான பெயருடன் இணைக்கும் டைனமிக் டி.என்.எஸ். சேவை இதற்குப் பெரும்பாலும் தீர்வாகும்.

ஆனால், ரூட்டரின் WAN IP பகுதியில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கும் முகவரி தெரிந்தால், பொது முகவரி ஒன்றைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கின்றனர் என்று பொருள். அப்போது அச்சேவை பயன் தராது. நிலையான பொது முகவரியைக் கேட்டுப் பெறுவது நேரடித் தீர்வு.

முன்பே பதிவான முகவரியை மட்டுமே வங்கியின் சர்வர் ஏற்கும் எனில், அதற்கும் நிலையான முகவரி அவசியம்.