வங்கியின் பெயரிலேயே வரும் மோசடிக் குறுஞ்செய்தி

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நிற்கும் ஒருவருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். “உங்கள் கணக்கு முடக்கப்படவுள்ளது, இந்த இணைப்பை அழுத்துங்கள்” என்கிறது அது. நேற்று வங்கி அனுப்பிய உண்மையான செய்திக்கு நேர் கீழேயே அது இருப்பதால் சந்தேகம் எழுவதில்லை.

இதற்கு வங்கியின் கணினிக்குள் யாரும் நுழைய வேண்டியதில்லை. குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயர் என்பது அனுப்புகிறவர் நிரப்பும் ஓர் இடம்தான். அதில் 11 எழுத்துகள் வரை போடலாம். எழுதியவர் யார் என்று கைப்பேசி சரிபார்ப்பதில்லை. ஒரே பெயரில் வருபவற்றை ஒன்றாக அடுக்குவது மட்டுமே அதன் வேலை. மோசடிக்காரர் வங்கியின் பெயரைப் போட்டால், செய்தி தானாகவே வங்கியின் வரிசையில் போய்ச் சேரும்.

சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கி வாடிக்கையாளர்களுக்கு நடந்தது இதுதான். இணைப்பை அழுத்தியவர்கள் போலி இணையப்பக்கத்தில் கடவுச்சொல்லையும் ஒருமுறைக் குறியீட்டையும் கொடுத்தார்கள். மோசடிக்காரர்கள் அவற்றைக் கொண்டு கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். ஏறத்தாழ 790 பேர் மொத்தம் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியை இழந்தனர். வங்கி பின்னர் நல்லெண்ண அடிப்படையில் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தது. 2023 ஜனவரி 31 முதல் அனுப்புநர் பெயரைப் பதிவு செய்வது அங்கே கட்டாயமானது.

மலேசியாவில் வங்கிகள் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை நிறுத்திவிட்டன. இணைப்புள்ள குறுஞ்செய்திகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் தடுக்கின்றன. ஆனால் அந்தத் தடுப்பு, அவர்களின் கட்டமைப்பு வழியாக வரும் செய்திகளுக்கு மட்டுமே பயன்படும். காரில் வைத்துச் செல்லக்கூடிய போலி அலைபரப்புக் கருவி, அருகிலுள்ள கைப்பேசிகளைப் பழைய 2ஜி இணைப்புக்கு இழுத்து, அவற்றுக்கு நேரடியாகச் செய்தி அனுப்புகிறது. 2ஜி முறையில் கோபுரம் உண்மையானதா என்று கைப்பேசியால் சோதிக்க முடியாது. அந்தச் செய்தி நிறுவனத்தின் வழியே வராததால் வடிகட்டலிலும் சிக்காது. இத்தகைய கருவிகளுடன் காரில் சுற்றியவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிடிபட்டுள்ளனர்.

ஆகவே செய்தி எந்த வரிசையில் இருக்கிறது என்பது எதற்கும் சான்று ஆகாது. வங்கியின் பெயரில் இணைப்பு வந்தால் அதுவே போலி என்பதற்கு அடையாளம். சந்தேகம் இருந்தால் வங்கிச் செயலியை நீங்களே திறந்து பாருங்கள், அல்லது அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு அழையுங்கள். செய்தியில் தரப்பட்ட எண்ணுக்கு அழைக்க வேண்டாம். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் சிம் அமைப்பில் உள்ள “Allow 2G” என்பதை அணைத்துவிடலாம்.

விவரங்களைக் கொடுத்துவிட்டால், உடனே வங்கிக்கும் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் தகவல் சேர்ந்தால்தான் அதை முடக்க வழியுண்டு.