சவர்க்காரம் மணத்த தேயிலை

ஜேம்ஸ் டெயிலர் 1873இல் லூல்கந்துர தோட்டத்திலிருந்து லண்டனுக்கு அனுப்பிய தேயிலை 23 இறாத்தல்தான். பின்னர் தேயிலை ஆயிரக்கணக்கான மரப்பெட்டிகளில் கப்பலேறியபோது, அதைக் காக்கப் பெட்டியின் உட்புறம் ஈயத்தகடு பொருத்தினார்கள். நன்கு உலராத மரத்திலிருந்து கசிந்த அமிலம் அந்த ஈயத்தை அரிக்கும். வாடை தேயிலையில் ஏறும். பிற்காலத்தில் ஈயத்தின் இடத்தை அலுமினியத் தாள் பிடித்தது. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் மணத்தை இழுத்துக்கொள்வது தேயிலையின் இயல்பு.

இந்த வரலாறு அட்டன் கடைத்தெரு வணிகர் ஒருவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 1990களில் நான் செய்தி சேகரிக்க மலையகம் செல்லும்போதெல்லாம் அவர் கடையில் அமர்வதுண்டு. கொழும்பு நான்காம் குறுக்குத் தெரு மொத்த வியாபாரி ஒருவர் அவரிடம் 250 கிராம் பொதிகள் 800 கேட்டிருந்தார். மொத்தம் 200 கிலோ. அதுவரை சில்லறையாக மட்டும் விற்றவருக்கு அது பெரிய வாய்ப்பு.

மெல்லிய பொலித்தீன் பைகளில் தேயிலையை நிரப்பி, பெட்டிக்கு 40 பொதிகளாக 20 பெட்டிகளில் அடுக்கினார். செலவைக் குறைக்கக் கடையில் கிடந்த பழைய மட்டைப் பெட்டிகளையே எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு பால்மாப் பெட்டிகள். எட்டு, வாசனைச் சவர்க்காரப் பெட்டிகள். பொலித்தீன் ஈரத்தை ஓரளவு தடுக்கும், வாசனையைத் தடுக்காது. பத்து நாள் கழித்து, லொறி வருவதற்கு நான்கு நாட்களே இருக்கையில், ஒரு பொதியைப் பிரித்தவருக்குக் குளியலறை மணம் அடித்தது.

எல்லாவற்றையும் பாயில் கொட்டிக் காற்றாட விடுவதென்று கிளம்பினார். தடுத்தவர் ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர். "தம்பி, இந்த மழையில கொட்டினா வாடையும் போகாது, ஈரமும் ஏறிடும். பெட்டி பெட்டியா சாயம் போட்டுப் பார்ப்போம்" என்றார். தொழிற்சாலையில் ஏறக்குறைய 3 சதவீத ஈரத்துக்கு உலர்த்தப்படும் தூள், அட்டன் மழைக்காற்றில் வெகுவிரைவில் தளர்ந்துவிடும். விரலிடையே நசுக்கினால் மொறுமொறுப்பு இருக்காது.

ஒவ்வொரு பெட்டியிலும் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று எடுத்தார்கள். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிடம். சாயத்தைச் சுவைப்பதற்கு முன் வடித்த இலையைச் சூட்டோடு முகர்ந்தார் பெரியவர். வாடை முதலில் அங்கேதான் பிடிபடுமாம். பால்மாப் பெட்டிகள் தப்பின. எட்டுப் பெட்டிகளில் ஓரப் பொதிகள் கடுமையாக மணத்தன. நடுவில் இருந்தவை லேசாக.

அந்த லேசானதை நல்லதோடு கலந்துவிடலாமா என்று கடைக்காரர் கேட்டாராம். பெரியவர் சம்மதிக்கவில்லை. கலந்தால் கெட்டது மறையாது, நல்லதும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். இங்கேதான் கடைக்காரரின் நேர்மை சோதனைக்குள்ளானது என்பேன். ஏனெனில் எட்டுப் பெட்டி என்றால் 80 கிலோ. அதைக் கடனுக்கு வாங்கி, இம்முறை அலுமினியத் தாள் ஒட்டிய உறைகளில் நிரப்பி, புதிய பெட்டிகளில் ஏற்றினார். முகர்ந்து பார்க்காமல் ஒரு பெட்டியையும் அவர் தொடவில்லை.

லொறி குறித்த நாளில் புறப்பட்டது. இலாபம் என்று அவர் கையில் எதுவும் மிஞ்சவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே வியாபாரி மறுபடியும் தேயிலை கேட்டார். மணத்த 80 கிலோவும் நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டமொன்றுக்கு எருவாகப் போயிற்று.