வணிகத் தொடர்ச்சித் திட்டம்: பணிப் பட்டியலும் அழைப்பு மரமும்

தீ, வெள்ளம், மின்தடை, கணினிக் கோளாறு போன்றவற்றால் ஒரு நிறுவனம் முடங்கினால் அது எப்படி மறுபடி இயங்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம் வணிகத் தொடர்ச்சித் திட்டம். நின்றுபோகக் கூடாத பணிகள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் நின்றால் தாங்கும், பொறுப்பாளர் இல்லாதபோது யார் செய்வது, யார் யாரை அழைப்பது, எதை முதலில் மீட்பது என்று சொல்லும் பகுதிதான் அதன் உயிர்நாடி. மற்ற பக்கங்கள் பெரும்பாலும் தணிக்கையாளருக்காக எழுதப்படுபவை.

தொடக்கத்தில் இந்தப் பகுதியில் மனிதர்களே இல்லை. 1970களில் நிறுவனங்களின் கவலையெல்லாம் பெருங்கணினியைப் பற்றியதாக இருந்தது. அது எரிந்துபோனால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளத் தயார்நிலைக் கணினி மையம் ஒன்று 1978இல் பிலடெல்பியாவில் தொடங்கப்பட்டது. 1983இல் அமெரிக்க தேசிய வங்கிகளின் கண்காணிப்பு அலுவலகம், வங்கிகள் மாற்று ஏற்பாட்டை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்றது. தரவு நாடாவின் பிரதி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் போதும் என்று கருதப்பட்ட காலம் அது.

அந்த எண்ணத்தை 2001 செப்டம்பர் 11 உடைத்தது. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் இயங்கிய கேன்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற கடன்பத்திர நிறுவனம் 658 ஊழியர்களை இழந்தது. அதன் மின்னணு வர்த்தக அமைப்புக்கு நியூஜெர்சியின் ரோஷெல் பார்க்கில் இரட்டைப் பிரதி இருந்தது. லண்டன் கிளையும் கைகொடுத்தது. இரண்டு நாள் கழித்துக் கடன்பத்திரச் சந்தை திறந்தபோது நிறுவனமும் வர்த்தகத்துக்கு வந்துவிட்டது. ஆனால் பல கோப்புகளின் கடவுச்சொற்கள் இறந்தவர்களோடு போய்விட்டன. அவற்றை ஊகிப்பதற்காக, துக்கத்தில் இருந்த குடும்பங்களை அழைத்துத் திருமண நாள், செல்லப் பிராணியின் பெயர் என்றெல்லாம் கேட்க வேண்டி வந்தது. இயந்திரத்துக்கு மாற்று இருந்தது, ஆளுக்கு இல்லை. மாற்று ஆளின் பெயரை எழுதினால் மட்டும் போதாது, அவருக்கு அனுமதியும் திறவுகோலும் முன்பே கிடைத்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து வந்த விதி.

2003 ஏப்ரலில் அமெரிக்க நிதி ஒழுங்குமுறை அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட அறிக்கை இன்னொரு படி மேலே போனது. மாற்று மையம் வேறு இடத்தில் இருப்பதோடு, முதல் மையத்துக்கு வந்துபோகும் அதே பகுதி ஆட்களை அது நம்பியிருக்கவும் கூடாது என்றது.

இந்த எச்சரிக்கையின் பொருளைச் சென்னை 2015இல் கண்டது. டிசம்பர் 1 இரவு நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. மறுநாள் தி இந்து நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய இதழுக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை. காரணம், மறைமலைநகரில் இருந்த அச்சகத்துக்குத் தொழிலாளர்களால் போய்ச் சேர முடியவில்லை என்பதுதான்.

அழைப்பு மரத்தின் பலவீனமும் இப்படிப்பட்ட நாளில்தான் தெரியும். தலைமைப் பொறுப்பாளர் நால்வரை அழைக்கிறார், அந்த நால்வரும் ஆளுக்கு நால்வரை அழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டே சுற்றில் 20 பேருக்குச் செய்தி போய்விடும். முதல் நால்வரில் ஒருவர் எடுக்காவிட்டால் அவரோடு அவர் கீழிருக்கும் நால்வரும் விடுபடுவார்கள். அதனால் நல்ல திட்டத்தில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கும். ஒருவர் எடுக்கவில்லை என்றால் அவரை அழைத்தவரே அவருடைய பட்டியலையும் ஏற்றுக்கொள்வார். ஒவ்வொரு கிளையிலும் கடைசியாகச் செய்தி பெற்றவர் தலைமைக்குத் திரும்ப அழைத்து வட்டத்தை மூடுவார். அந்த அழைப்பு வராத கிளை அறுந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். சென்னை வெள்ளத்தில் கைபேசிக் கோபுரங்களே பல இடங்களில் செயலிழந்தன. எனவே எந்தச் செய்தியும் வராவிட்டால் எங்கே கூடுவது என்ற வரியும் காகிதத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதமாகச் சரிபார்க்காத எண் பட்டியலை நம்புவதைவிட அந்த ஒரு வரி மேல்.

மீட்புப் படிகளில் மிகவும் தடுமாறவைப்பது முதல் படியே: திட்டத்தை இயக்கலாம் என்று யார், எப்போது அறிவிப்பது? 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையில் தேசியப் பங்குச் சந்தையின் தொலைத்தொடர்பு இணைப்புகள் தடுமாறின. இடர்களைக் கணிக்கும் அமைப்பு செயலிழந்ததால் முற்பகல் 11.40க்கு வர்த்தகம் நின்றது. சென்னையில் மாற்று மையம் இருந்தும் வர்த்தகம் அங்கே மாற்றப்படவில்லை. முதன்மை வர்த்தக அமைப்பு நன்றாகவே இருந்தது என்று சந்தை விளக்கம் தந்தது. பிற்பகல் 3.45க்குத்தான் வர்த்தகம் மீண்டும் தொடங்கியது. இன்றியமையாதவை என்ற பட்டியலில் வர்த்தகம் இருந்து, அதைத் தாங்கும் துணை அமைப்பு இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

அடுத்த மாதமே இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி இதற்கு நேரக்கெடு விதித்தது. இன்றியமையா அமைப்பு தடைப்பட்டால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடராக அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து இயங்கத் தொடங்கிவிட வேண்டும்.