தருமநூலும் தேசவழமையும்

மனுவின் பெயரால் வழங்கும் தருமநூல் அரசனுக்கு விதிக்கும் கடமைகளுள் ஒன்று பலர் கவனத்திற்கு வருவதில்லை. வழக்குத் தீர்க்க அமரும் வேந்தன் சாதி, நாடு, தொழிற்குழு, குடும்பம் ஆகியவற்றின் ஒழுக்கங்களை ஆராய்ந்தறிந்தே நீதி வழங்கவேண்டும் என்பது அது. ஏட்டுவிதியோடு ஊர் வழக்கமும் அரசவையில் ஏறுவதற்கு நூலே வழி வைத்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் அவ்வழக்கங்களைத் தொகுத்தெழுதும் பணி, தமிழரசு அழிந்தபின் ஒல்லாந்தர் கைக்கு வந்தது வியப்பே. தேசாதிபதி சைமன்ஸின் கட்டளைப்படி, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி 1707இல் தேசவழமையை எழுதி முடித்தார். அதன் தமிழ் வடிவத்தைப் பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பினர்.

வடமராட்சியிலுள்ள கரவெட்டியில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவனுக்கு முதுசமாகப் பன்னிரண்டு பரப்பு வயல். மனைவிக்குச் சீதனமாக எட்டுப் பரப்பு. இருவரும் கூடி வாழ்ந்து தேடிய தேட்டம் ஆறு பரப்பு. மைந்தர் இருவர், மகளிர் இருவர். ஐசாக்ஸ் பதிவுசெய்த பழைய முறைப்படி, முதுசம் மைந்தருக்கு ஆளுக்கு ஆறு பரப்பாகவும், சீதனம் மகளிருக்கு ஆளுக்கு நான்கு பரப்பாகவும் செல்லும். தேட்டம் நால்வருக்கும் உரியது. அதில் மகளிர் பங்கு சற்று மிகினும் மைந்தர் இசைதல் வேண்டும்.

தாயின் பொருள் மகளிர்க்கு என்பது யாக்ஞவல்கியரும் கூறியதே. ஆனால் அந்நூலுக்கு உரையாக எழுந்த மிதாட்சரம், தந்தையின் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பினாலேயே உரிமை உண்டென்கிறது. தேசவழமையோ பெற்றோர் உயிரோடிருக்கும்வரை மைந்தர் எதனையும் கேட்கலாகாது என்கிறது. மணமாகாத காலத்து அவர்கள் ஈட்டியதும் குடும்பப் பொதுவிற் சேரவேண்டும். இவ்வேறுபாட்டைக் கண்ட ஆய்வாளருட் சிலர், தேசவழமையின் வேரை மலையாள நாட்டு மருமக்கள் தாயத்திலே தேடினர். சீதனம் என்ற பெயர் வடமொழி ஸ்திரீதனத்தை நினைவூட்டினும், அதன் நடைமுறை நூலிலிருந்து இறங்கியதென்று துணிவதற்கில்லை.

சாதி பற்றிய பகுதி கடுமையானது. மனு அடிமைகளை எழுவகையாகப் பிரிப்பார்: போரிற் பிடிபட்டோர், விலைக்குக் கொண்டோர், வீட்டிற் பிறந்தோர் என, அடிமையான வழியே பெரும்பாலும் அங்கு அளவுகோல். தேசவழமை நான்கு குலங்களின் பெயரைச் சொல்லியே அடிமைகளை வகுக்கிறது. ஆளுக்கு நேர்ந்த நிலை இங்கே குலத்தின் பெயராகிவிட்டது. ஊர் வழக்கம் மாந்தர்க்கு நூலினும் இரங்கும் என்று எண்ணுவோர் இவ்விடத்தைப் படித்தல் நன்று.

ஆங்கிலேயர் 1806இல் இத்தொகுப்புக்கு முழுச் சட்டவலிமை அளித்தனர். அடிமை பற்றிய விதிகள் 1844ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டத்தோடு உயிரிழந்தன. 1911ஆம் ஆண்டுச் சட்டம் வாரிசுமுறையைப் பெரிதும் மாற்றியது. எனினும் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்னும் சொற்கள் வடமராட்சியின் காணி உறுதிகளை விட்டு அகலவில்லை.